வேப்பமர வேர் வீட்டை விரிசல் விட வைக்குமா? வெட்டும் முன் பார்க்க வேண்டியது என்ன?

மழைக்காலம் நெருங்கினாலே பல தெருக்களில் ஒரே பேச்சுதான். "சார், மரத்தோட வேர் காம்பவுண்டு சுவரைத் தள்ளுது, அடுத்து வீட்டு அஸ்திவாரத்துக்குள்ள போயிடும். மழைக்கு முன்னாடி வெட்டிடுங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மரம் வெட்டுபவரும் ரெடியாக இருப்பார். அரை நாளில் 20 வருட மரம் தரையில் கிடக்கும்.

ஆனால் சில வீடுகளில், மரம் போன பிறகுதான் விரிசல் அதிகமாகிறது. தரை டைல்ஸ் தூக்குகிறது, கதவு மூட மறுக்கிறது. மரத்தை எடுத்த பிறகு ஏன் இப்படி? உண்மையில் வேர் என்னதான் செய்கிறது? எவ்வளவு தூரம் பாதுகாப்பு? விரிவாகப் பார்க்கலாம்.

வேர் கான்கிரீட்டைத் துளைக்குமா?

இதுதான் பலருக்கும் இருக்கும் பயம். நல்ல நிலையில் இருக்கும் கான்கிரீட் அஸ்திவாரத்தை வேர் துளைத்துக்கொண்டு போகாது. வேரின் நுனி மென்மையானது. ஈரமும் காற்றும் இருக்கும் இடத்தில், ஏற்கெனவே இருக்கும் இடுக்கு வழியாகத்தான் அது நகரும். சுவரில் விரிசல் இருந்தால் அதற்குள் போகும், பைப் இணைப்பில் கசிவு இருந்தால் அதைத் தேடிப் போகும்.

இன்னொரு விஷயம், மரத்தின் பெரும்பாலான வேர்கள் ஆழமாகப் போவதில்லை. மண்ணின் மேல் 2 முதல் 3 அடிக்குள்தான் பக்கவாட்டில் பரவிக் கிடக்கும். கிளை எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறதோ, அதையும் தாண்டி வேர் போயிருக்கும். அதனால் வீட்டுச் சுவர் ஓரமாகத் தோண்டும்போது வேர் தென்பட்டாலே அது அஸ்திவாரத்தை உடைக்கிறது என்று அர்த்தம் இல்லை.

அப்படியென்றால் பாதிப்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது இரண்டு வழியாக வருகிறது. இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு.

முதல் வழி: தள்ளுவது

மரம் வயதாக வயதாக அடிமரமும் அதை ஒட்டிய வேர்களும் பருத்துக்கொண்டே போகும். அந்தப் பருமன் மெதுவாக, ஆனால் விடாமல் தள்ளும். மேலே பெரிய எடை இருந்தால் இந்தத் தள்ளலுக்கு அசையாது. அதனால் மாடி வீட்டின் சுவர் இதற்கு லேசில் பாதிக்கப்படாது.

மாட்டிக்கொள்வது எடை குறைந்த கட்டுமானங்கள்தான். 9 அங்குல காம்பவுண்டு சுவர், ஒன்றரை அடி ஆழத்தில் போட்ட அதன் அஸ்திவாரம், கார் நிறுத்தும் இடத்தின் பேவர் பிளாக், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் போட்ட தளம், நடைபாதை. இவை எல்லாம் மரத்தில் இருந்து சில அடி தூரத்துக்குள் இருந்தால்தான் பிரச்சினை. 15 அடி தள்ளி இருக்கும் மரம் சுவரைத் 'தள்ளுவது' அரிது.

இரண்டாவது வழி: மண்ணை உலர்த்துவது

வீட்டுக்கு வரும் பெரிய பாதிப்பு பெரும்பாலும் இந்த வழியில்தான். இதில் வேர் கட்டடத்தைத் தொடவே வேண்டியதில்லை.

களிமண்ணும் கரிசல் மண்ணும் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் வயலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் வீட்டுக்கு அடியிலும் நடக்கிறது. வெயில் காலத்தில் பெரிய மரம் சுற்றியுள்ள மண்ணில் இருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மரத்தின் பக்கம் உள்ள மண் மட்டும் அதிகமாகக் காய்ந்து சுருங்கும். அந்த மூலையில் அஸ்திவாரம் லேசாக இறங்கும். மற்ற மூலைகள் இறங்காது. இந்த வித்தியாசம்தான் சுவரில் சாய்வான விரிசலாகத் தெரிகிறது.

மணல் மண்ணில் இந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட கிடையாது. மணல் காய்ந்தாலும் சுருங்காது. அதனால்தான் சென்னையிலேயே கடற்கரையை ஒட்டிய மணல் பகுதியில் வீட்டை ஒட்டி நிற்கும் மரம் ஒன்றும் செய்யாமல் இருக்கும். களிமண் பகுதியில் அதே வகை மரம், அதே தூரத்தில் விரிசலைக் கொடுக்கும். கோவை போன்ற கரிசல் மண் இருக்கும் ஊர்களிலும் இதே கதைதான்.

அதாவது மரம் எது என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் வீட்டு மண் எது?

மண்ணை எப்படித் தெரிந்துகொள்வது?

மண் பரிசோதனைக் கூடத்தில் 'ஃப்ரீ ஸ்வெல்' என்று ஒரு எளிய சோதனை உண்டு. உலர்த்திச் சலித்த மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில் எடுப்பார்கள். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு நாள் விடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் உப்பும். மண்ணெண்ணெயில் 10 மில்லி நின்ற மண், தண்ணீரில் 18 மில்லிக்கு வந்தால் உப்புதல் 80 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டினாலே கவனம் தேவைப்படும் மண் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஒரு குத்துமதிப்பு வேண்டுமென்றால், 3 அடி ஆழத்தில் இருந்து ஒரு பிடி மண் எடுத்து, ஈரப்படுத்தி, உள்ளங்கையில் உருட்டுங்கள். மெல்லிய கயிறு மாதிரி உடையாமல் நீண்டால் களிமண். உருட்டும்போதே உதிர்ந்தால் மணல் கலந்தது. இது பரிசோதனைக்கு மாற்று இல்லை, ஆனால் எந்தப் பக்கம் யோசிக்க வேண்டும் என்று காட்டிவிடும்.

எவ்வளவு தூரம் பாதுகாப்பு?

எல்லா மரத்துக்கும் ஒரே அளவு கிடையாது. காம்பவுண்டு சுவருக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு.

காம்பவுண்டு சுவரைப் பொறுத்தவரை, மரம் முழுதாக வளர்ந்த பிறகு அடிமரம் எவ்வளவு பருமன் ஆகும் என்பதுதான் முக்கியம். வேம்பு, புங்கன், மா போல ஓரளவு பருத்துப் போகும் மரங்களுக்குச் சுவரில் இருந்து 6 முதல் 7 அடி இடைவெளி விடுவது நல்லது. கறிவேப்பிலை, செம்பருத்தி, மருதாணி போன்றவற்றுக்கு 3 அடி போதும். அரசு, ஆல், அத்தி, தூங்குமூஞ்சி போன்றவற்றுக்கு வீட்டு மனையில் இடமே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை மண்தான் தூரத்தைத் தீர்மானிக்கிறது. உப்பும் களிமண் என்றால், மரம் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் விடுவது பாதுகாப்பான பக்கம். பிரிட்டனில் புது வீடுகளுக்கான வழிகாட்டுதலில், அதிகத் தண்ணீர் இழுக்கும் மரத்துக்கு அதன் உயரத்தின் ஒன்றேகால் மடங்கு, நடுத்தர மரத்துக்கு முக்கால் மடங்கு, குறைவாக இழுக்கும் மரத்துக்குப் பாதி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தத் தூரத்துக்குள் வீடு கட்டவே கூடாது என்று அர்த்தம் இல்லை. கட்டினால் அஸ்திவாரத்தை ஆழமாகப் போட வேண்டும் என்று அர்த்தம். நம்ம ஊர் கரிசல் மண்ணில் பொறியாளர்கள் அண்டர்-ரீம்டு பைல் போடச் சொல்வதும் இதற்காகத்தான். காய்ந்து நனையும் மேல்மண்ணைத் தாண்டி, அசையாத மண்ணில் வீட்டை நிறுத்துவது.

அரை கிரவுண்டு மனையில் 30 அடி தள்ளி மரம் வைப்பது எங்கே சாத்தியம்? உண்மைதான். அதனால்தான் ஏற்கெனவே கட்டிய வீட்டில் சின்ன மரமாகத் தேர்ந்தெடுப்பதும், கிளையைக் கட்டுக்குள் வைப்பதும் முக்கியமாகிறது.

தென்னையைப் பற்றிப் பலருக்கும் பயம் உண்டு. தென்னையின் வேர்கள் கயிறு மாதிரி மெல்லியதாக, கொத்துக் கொத்தாக இருக்கும். வேம்பின் வேரைப் போல வருடா வருடம் பருக்காது. அதனால் சுவரைத் தள்ளும் வேலையை அது செய்வதில்லை. அடிமரம் பருக்கும் இடத்துக்காக 6, 7 அடி விட்டால் போதும். தென்னையில் நிஜமான ஆபத்து மேலே இருந்து விழும் காயும் மட்டையும்தான்.

விரிசல் எதைச் சொல்கிறது?

விரிசல் எல்லாம் மரத்தால் வருவது இல்லை. மொட்டை மாடித் தளத்துக்குக் கொஞ்சம் கீழே, சுவரில் படுக்கையாக ஓடும் கோடு வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. தூணில் நேர் கோடாக வந்து, பூச்சு உப்பி, துருக் கறை தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. பூச்சில் வலை போல மெல்லிய கீறல்கள் இருந்தால் அது வெறும் பூச்சுப் பிரச்சினை. இதற்கெல்லாம் மரத்தை வெட்டினால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மரம் மண்ணை உலர்த்துவதால் வரும் விரிசலுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. ஜன்னல் அல்லது கதவின் மூலையில் தொடங்கிச் சாய்வாகப் போகும். ஒரு முனையில் அகலமாகவும் மறு முனையில் மெல்லியதாகவும் இருக்கும். மிக முக்கியமாக, அது மூச்சு விடும். கோடை முடிவில் அகலமாகும், வடகிழக்குப் பருவமழை பெய்து முடிந்ததும் சுருங்கும். வருடம் முழுவதும் ஒரே அளவில் இருந்தால் மரத்தின் மீது சந்தேகப்படக் காரணம் குறைவு.

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, இடையில் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து, சுவரிலேயே தேதியுடன் எழுதுங்கள். மாதம் ஒரு முறை அளந்து, ஸ்கேலோடு சேர்த்து மொபைலில் போட்டோ எடுங்கள். குறைந்தது ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தாண்டட்டும். 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெயின்ட் அடிக்கும்போது சரிசெய்யும் விஷயம். 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, கதவு ஜன்னல் பிடிக்கத் தொடங்கினாலோ கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். அங்கே மேஸ்திரியின் கணிப்பு மட்டும் போதாது.

காம்பவுண்டு சுவரில் அடையாளம் வேறு. மரத்துக்கு நேராகச் சுவர் வயிறு தள்ளியது போல் வளைந்திருக்கும், அல்லது வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். மரத்தின் அடியைச் சுற்றி பேவர் பிளாக் வட்டமாகத் தூக்கியிருக்கும். பக்கத்தில் கேட் இருந்தால் தாழ்ப்பாள் பொருந்தாது. சாய்ந்த சுவர் ஓரமாக வண்டி நிறுத்துவதையும் குழந்தைகள் விளையாடுவதையும் முதலில் நிறுத்துங்கள். மழையில் மண் இளகும்போது விழுவது இந்த மாதிரிச் சுவர்கள்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு வீடு. களிமண் பகுதி, 2008-ல் கட்டியது. 2010-ல் வைத்த வேப்பமரம். வீட்டின் பின்சுவரில் இருந்து 10 அடி, காம்பவுண்டு சுவரில் இருந்து 2 அடி. காம்பவுண்டு சுவர் வெளியே சாய்ந்து, 6 மில்லிமீட்டர் விரிசல். பின் அறை ஜன்னல் மூலையில் செப்டம்பரில் 2 மில்லிமீட்டர், டிசம்பரில் 1 மில்லிமீட்டர்.

மரத்தின் சுற்றளவை மார்பு உயரத்தில் அளந்தால் 4 அடி. அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் சுமார் 15 அங்குலம். இந்த விட்டத்தை வைத்து இரண்டு வட்டங்களை மனதில் போட்டுக்கொள்ளலாம். விட்டத்தைப் போல் 12 மடங்கு, அதாவது சுமார் 15 அடி வரை மரத்துக்கு முக்கியமான வேர்ப் பகுதி. 3 மடங்கு, அதாவது சுமார் 4 அடிக்குள் இருப்பவை மரத்தைப் பிடித்து நிறுத்தும் வேர்கள். இந்த 4 அடிக்குள் பெரிய வேரை வெட்டினால் மரம் புயலில் சாயும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது நினைவிருக்கும். ஒரு பக்கம் வேர் இழந்த மரம் அந்த மாதிரிக் காற்றுக்கு நிற்காது. விழும்போது வீட்டின் மேலேயே விழலாம்.

இப்போது காம்பவுண்டு சுவர். இது தள்ளல் பிரச்சினை. சுவர் 4 அடி வட்டத்துக்குள் இருப்பதால், அதே இடத்தில் அஸ்திவாரம் தோண்டினால் தாங்கும் வேர்கள் போய்விடும். அதனால் மரத்துக்கு நேராக உள்ள 8 அடி நீளச் சுவரை மட்டும் இறக்கி, மரத்தின் இரு பக்கமும் 4 அடி தள்ளி ஒரு ஒரு குழி எடுத்துச் சிறு தூண் நிறுத்தி, இடையில் கான்கிரீட் பீம் போட்டு அதன் மேல் சுவரை எழுப்பலாம். பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே சில அங்குலம் இடைவெளி விட்டால் வேர் அடியில் பருக்க இடம் கிடைக்கும். சுவர் வேரின் மேல் பாலம் மாதிரி நிற்கும். பீமின் அளவையும் கம்பியையும் பொறியாளர் சொல்லட்டும்.

வீட்டு விரிசல் கோடையில் 2, மழையில் 1. மரம் மண்ணை உலர்த்துகிறது என்பது தெரிகிறது. ஆனால் அளவு சிறியது, வருடா வருடம் ஏறவில்லை. இதற்கு மரத்தை வெட்டுவது அவசியம் இல்லை. கிளைகளைச் சீராகக் குறைத்து, அதைத் தொடர்ந்து பராமரித்தால் இலை குறையும், மரம் குடிக்கும் தண்ணீரும் குறையும். பின்பக்கக் குழாயில் கசிவு இருந்தால் அடைக்க வேண்டும். கசிவுதான் வேரை வீட்டுப் பக்கம் இழுக்கும். களிமண்ணை ஒரு பக்கம் மட்டும் நனைத்து உப்ப வைப்பதும் அதுதான்.

மரத்தை வெட்டினால் விரிசல் ஏன் கூடுகிறது?

இங்கேதான் முக்கியமான திருப்பம். பல வருடமாக மரம் உலர்த்தி வைத்திருந்த களிமண், மரம் போனதும் மழைத் தண்ணீரைத் திரும்பக் குடிக்கும். குடித்தால் உப்பும். உப்பும் மண் வீட்டைக் கீழே இருந்து தூக்கும். இது ஒரே மழையில் முடியாது. சில ஆண்டுகள் கூட நீடிக்கலாம்.

யாருக்கு இந்த ஆபத்து என்று பார்க்க ஒரு கேள்வி உதவும். மரம் மூத்ததா, வீடு மூத்ததா?

வீடு முதலில் வந்து, மரம் பிறகு வளர்ந்திருந்தால், மரத்தை எடுத்ததும் மண் வீடு கட்டிய காலத்து நிலைக்குத் திரும்பும். பெரும்பாலும் பயமில்லை. நம் உதாரண வீடு இந்த வகை. ஆனால் மரம் முதலில் இருந்து, காய்ந்த மண்ணின் மேல் வீடு வந்திருந்தால், மரத்தை எடுக்கும்போது மண் வீடு பார்த்திராத அளவுக்கு உப்பும். தரை தூக்குவதும், கதவு பிடிப்பதும், தலைகீழாக விரிசல் வருவதும் இந்த வீடுகளில்தான்.

இதே தவறு புது வீடு கட்டும்போதும் நடக்கிறது. களிமண் மனை வாங்கி, அதில் நின்ற பெரிய மரங்களை வெட்டி, அடுத்த மாதமே ஆழம் குறைந்த அஸ்திவாரம் போட்டுவிடுகிறார்கள். மரம் நின்ற மூலை மட்டும் பின்னால் உப்பத் தொடங்குகிறது. மரம் நின்ற இடத்தைப் பொறியாளரிடம் வரைபடத்தில் காட்டி, அஸ்திவாரத்தை அதற்கேற்ப ஆழப்படுத்தச் சொல்வதுதான் வழி.

வெட்டியே ஆக வேண்டும் என்றால்?

மரம் பட்டுப்போய்விட்டது, அடிமரம் பொக்கையாகிவிட்டது, அல்லது விரிசல் ஏறிக்கொண்டே போகிறது. அப்போது வெட்டத்தான் வேண்டும். அதற்கு முன் இவற்றை வரிசையாகச் செய்யுங்கள்.

1. விரிசல் இருக்கும் இடத்தில் 2 அடிக்கு 2 அடி சோதனைக் குழி எடுங்கள். ஜேசிபி வேண்டாம், மண்வெட்டியால் எடுங்கள். அஸ்திவாரத்தின் அடி வரை போனால் போதும். அங்கே வேர் இருக்கிறதா, எவ்வளவு பருமன், மண் காய்ந்திருக்கிறதா, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். வேரே இல்லை, மண்ணும் ஈரமாக இருக்கிறது என்றால் காரணம் வேறு. பார்த்ததும் குழியை இடித்து மூடிவிடுங்கள்.

2. மரம் யாருடையது என்று உறுதி செய்யுங்கள். காம்பவுண்டுக்கு வெளியே தெருவில் நிற்பது உங்கள் மரம் இல்லை. பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். மனுவை உள்ளாட்சி அலுவலகத்தில் இருந்து தொடங்குங்கள். சொந்த நிலம் என்றாலும் சந்தன மரத்துக்கு வனத்துறையின் அனுமதி தேவை. மலைப் பகுதிகளுக்கு 1955-ம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது. பக்கத்து வீட்டு மரம் விழும் நிலையில் இருந்து, பேசியும் பலனில்லை என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-வது பிரிவின் கீழ் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரிடம் மனு கொடுக்கலாம்.

3. மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, சப்ளையை நிறுத்திய பிறகே ஆள் ஏற வேண்டும்.

4. மேலே இருந்து துண்டு துண்டாக இறக்குங்கள். வீட்டை ஒட்டிய அடிக்கட்டையை இயந்திரத்தால் பிடுங்காதீர்கள். வேரோடு அஸ்திவாரத்துக்கு அடியில் உள்ள மண்ணும் வந்துவிடும். தரை மட்டத்தில் அறுத்துவிட்டு, துளிர்த்தால் வெட்டிக்கொண்டே இருந்தால் போதும். கட்டை மக்கிப் பள்ளம் விழும்போது மண் போட்டு இடித்து நிரப்புங்கள்.

5. விரிசலை உடனே பூசாதீர்கள். அளப்பதைத் தொடருங்கள். ஒன்றிரண்டு மழைக்காலம் தாண்டி, எண் மாறாமல் நின்ற பிறகு பூசினால்தான் அந்தப் பூச்சு நிற்கும்.

காத்திருக்கக் கூடாத ஒரே மரம்

மாடிச் சுவரிலும் சன்ஷேடிலும் முளைக்கும் அரசங்கன்றுக்கு மேலே சொன்ன எந்தப் பொறுமையும் தேவையில்லை. பறவை எச்சத்தில் வந்த விதை, சுவரின் இடுக்கில் வேர் விட்டிருக்கும். இரண்டு இலையில் இருக்கும்போது கையால் பிடுங்கினால் வேரோடு வரும். ஒரு வருடம் விட்டால் வேர் செங்கல் இணைப்புக்குள் போய்விடும், மேலே வெட்ட வெட்டத் துளிர்க்கும். அப்போது அந்த இடத்துச் செங்கலை எடுத்து, வேரை முழுசாக நீக்கி, திரும்பக் கட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது. மழை முடிந்ததும் ஒரு தடவை மொட்டை மாடிக்குப் போய் நாலு பக்கமும் எட்டிப் பாருங்கள்.